பங்குக் கிணற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று ஆய்விதழில் வெளியாகும்போது, அதன் உடல் முழுவதும் தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிவது ஆங்கிலத் தலைப்பு, ஆங்கிலச் சுருக்கம், ஐந்தாறு திறவுச்சொற்கள். தரவுத்தளங்களும் அவற்றைத்தான் தேடுகின்றன. ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளம் வேறு மொழி ஆய்விதழை ஏற்றுக்கொள்வதற்கே ஆங்கிலத் தலைப்பும் ஆங்கிலச் சுருக்கமும் ரோமன் எழுத்தில் உசாத்துணைப் பட்டியலும் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும் எங்கள் ஊரில் இந்தச் சில வரிகள் எப்போதும் கடைசி இரவில்தான் எழுதப்படுகின்றன. இரண்டு வருடம் கிராமம் கிராமமாக அலைந்து சேர்த்த ஆய்வின் தலைப்பை, அகராதியைப் பார்த்து ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் ஆங்கிலமாக்கி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத விடயம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆய்வுச் சுருக்கங்களை ஆங்கிலமாக்கிக் கொடுப்பது என் வேலை. கலைப் பிரிவு மாணவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அண்மையில் புவியியல் மாணவி ஒருவர் கொண்டுவந்த தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி ஆங்கிலத்துக்குப் போனது என்பதை முழுதாகச் சொல்கிறேன். அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

தமிழ்த் தலைப்பு இது: 'மீள்குடியேற்றத்தின் பின்னர் வலிகாமம் வடக்கில் தோட்டப் பங்குக் கிணறுகளின் நீர்ப்பங்கீட்டு முறை: தெரிவுசெய்யப்பட்ட கிராமங்களை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு.' அதற்கு அவர் எழுதி வைத்திருந்த ஆங்கிலம்:

```
Traditional Water Distribution Methods of Garden Wells
in Jaffna after Resettlement: A Study Based on
Selected Villages
```

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் படிக்கிற வெளியூர் ஆய்வாளர் ஒருவருக்கு அந்த ஆய்வேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவரையே கேட்டேன். "தலைப்பைச் சொல்ல வேண்டாம் பிள்ளை. கிணற்றடியில் யார், என்ன செய்கிறார்கள், அதில் என்ன மாறிவிட்டது, அதைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னார்: "ஒரு கிணற்றுக்கு ஏழெட்டுப் பங்குகாரர், சேர். ஒவ்வொருவருக்கும் இறைக்கிற முறை இருக்கிறது. 1990ஆம் ஆண்டு எல்லோரும் ஊரை விட்டு எழும்பிவிட்டார்கள். காணி விடுபட்டுத் திரும்பி வந்தபோது பாதிப் பங்குகாரர் ஊரில் இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய முறையை யார் இறைப்பது என்பதுதான் நான் பார்த்தது."

அவ்வளவுதான். ஊரில் இல்லாத பங்குகாரரின் முறை யாருக்கு? இந்தக் கேள்வி ஆங்கிலத் தலைப்பில் எங்கேயும் இல்லை. உண்மையில் தமிழ்த் தலைப்பிலும் அது மங்கலாகத்தான் இருக்கிறது. தமிழ் வாசகருக்குப் 'பங்குக் கிணறு' என்ற ஒரு சொல்லே பாதியைச் சொல்லிவிடுவதால் குறை தெரியவில்லை. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காணியோடு கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்படும். சீதனமாகப் போகும்போதும் அந்தப் பங்கு கூடவே போகும். இந்த அறிவெல்லாம் வாசகரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பித் தமிழ்த் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த நம்பிக்கை கூடப் போகாது. ஆகவே தமிழ்த் தலைப்பை மூலமாக வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்காராமல், ஆய்வுக் கேள்வியை மூலமாக வைத்துக்கொள்ளச் சொல்லுகிறேன். இனி ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

முதலில் `water distribution`. அகராதிப்படி நீர்ப்பங்கீடு என்பதற்கு இது பொருந்தும். ஆனால் ஆய்வுலகில் இந்தச் சொற்றொடருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்: குடிசார் பொறியியல். நகரக் குழாய் வலையமைப்பு, அமுக்கம், கசிவு, அவற்றைக் கணக்கிடும் `EPANET` என்ற மென்பொருள் ஆகியவைதான் அந்தச் சொற்றொடருக்குள் குடியிருக்கின்றன. கூகுள் ஸ்கொலரில் மாணவியையே தட்டச்சுச் செய்து பார்க்கச் சொன்னேன். முதல் பக்கம் முழுவதும் குழாய்கள். இரண்டாம் பக்கமும் அப்படியே. அவருடைய கட்டுரை இந்தக் கூட்டத்துக்குள் போய் விழுந்தால், குழாய்ப் பொறியியலாளர் அதைத் திறந்து பார்த்து உடனே மூடுவார். பங்கு, உரிமை, முறை என்று தேடுகிற சமூகவியலாளர் அங்கே வரவே மாட்டார்.

அதோடு `methods` என்பது இன்னொரு வழுக்கல். 'முறை' என்பதற்கு எழுத்துத் தமிழில் வழிமுறை என்ற பொருள் உண்டு. கிணற்றடியில் அது ஒருவருக்குரிய நேரம், அவருக்குரிய வரிசை. 'இன்றைக்கு எங்கள் முறை' என்கிற அந்த முறை. ஆய்வு முழுவதும் நிற்பது இந்த இரண்டாவது பொருளில்தான். ஆங்கிலத்தில் இதற்குப் பழக்கத்திலிருக்கும் சொற்கள் `water turns`, `irrigation turns`. ஸ்பெயினின் வாய்க்கால்களையும் ஈரானின் கனாத்துகள் என்ற நிலத்தடி நீர்ச் சுரங்கங்களையும் ஆராய்பவர்கள் இந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். தேடிப் பார்த்தபோது கிடைத்த கட்டுரைகளைப் படித்துவிட்டு, "இவர்கள் கேட்கிற கேள்வியைத்தானே நானும் கேட்கிறேன்" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. சொல் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. போடப்போகும் சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் தட்டச்சுச் செய்யுங்கள். வருகிற முதல் இருபது தலைப்புகளைப் படியுங்கள். அவற்றில் எத்தனையை உங்கள் உசாத்துணைப் பட்டியலில் சேர்க்க மனம் வரும்? ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சொல் அகராதியில் சரியாக இருந்தாலும் உங்களுக்குப் பிழை.

அடுத்தது கிணறு. `well` என்ற சொல் தனியே நின்றால் தேடலில் அதற்குப் பெறுமதியே இல்லை, ஏனென்றால் 'நன்றாக' என்ற பொருளில் அது ஆங்கிலச் சுருக்கங்களில் எங்கும் வந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் வரும் பெயரடைதான் வேலை செய்கிறது. மாணவி போட்டிருந்த `garden wells` வீட்டுத்தோட்டத்தையும் பூந்தோட்டத்தையும் நினைவூட்டும். எங்கள் தோட்டம் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகிற பாசன நிலம் என்பது யாழ்ப்பாணத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. மலையகத்துக்காரருக்குத் தோட்டம் என்றால் தேயிலை. மாணவியின் மேற்பார்வையாளர் `agro-wells` என்று மாற்றச் சொல்லியிருந்தார். இது கேட்க நன்றாக இருக்கும். இலங்கையில் வழக்கிலும் இருக்கிறது. ஆனால் இலங்கை ஆய்வு இலக்கியத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் வடமத்திய மாகாணப் பக்கத்தில், குளங்களைச் சார்ந்த வயல்நிலங்களில், மானியத்துடன் தோண்டப்பட்ட அகன்ற விவசாயக் கிணறுகளைக் குறிக்கிறது. அவை பெரும்பாலும் தனியாருடையவை. பங்கு என்ற சிக்கலே அங்கே எழாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தலைமுறைகளாகத் துலாவால் இறைத்து, பின்பு இயந்திரத்தால் இறைத்த பங்குக் கிணறு வேறு. இலங்கைச் சொல் என்பதற்காகவே அதைப் போட்டால் வாசகர் அநுராதபுரத்துக்குப் போய்விடுவார்.

மிச்சம் இருந்தவை மூன்று: `common wells`, `shared wells`, `co-owned wells`. முதலாவதை நான் உடனே வெட்டினேன். அது பொதுக் கிணறு. பொதுக் கிணற்றுக்கும் பங்குக் கிணற்றுக்கும் உள்ள வேறுபாடு ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: ஒன்றில் யாரும் அள்ளலாம், மற்றதில் பங்கு உள்ளவர் மட்டும். இந்த வேறுபாடு தொலைந்தால் ஆய்வே தொலைந்தது. `shared` என்பது பேச்சுக்கு இயல்பானது, நிறையப் பேர் தேடுவதும் அதைத்தான். ஆனால் யாருக்கு உரிமை என்பதைச் சொல்லாது. `co-owned` உரிமையைச் சொல்கிறது. இலங்கைச் சட்டத்தில் பிரிக்கப்படாத காணிப் பங்குக்கு வழங்கும் சொல்லும் அதுவே. அதனால் தலைப்பில் `co-owned wells` என்று வைத்து, `shared wells` என்பதைத் திறவுச்சொல்லுக்கு விட்டோம். பங்குகாரரை `shareholders` என்று எழுத வேண்டாம் என்பதையும் சொல்லிவைத்தேன்; அது நேரே கம்பனிப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோய் விடும்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்தது 'மீள்குடியேற்றம்.' இலங்கை அரசின் ஆவணங்களில் இதற்கு ஆங்கிலம் `resettlement`. அமைச்சின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. அதனால் மாணவர்கள் யாரும் இதைப் பற்றி இரண்டாவது முறை யோசிப்பதில்லை. ஆனால் உலக ஆய்வு இலக்கியத்தில் அந்தச் சொல்லை அதிகம் வைத்திருப்பது அணைக்கட்டுக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் மக்களைக் கிளப்பி வேறிடத்தில் குடியேற்றுவதை ஆராயும் துறை. உள்நாட்டு இடப்பெயர்வு தொடர்பாக ஐக்கிய நாடுகள் சபையில் 1998ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளும் சொந்த இடத்துக்குத் திரும்புவதையும் நாட்டின் வேறு பகுதியில் குடியமர்வதையும் தனித்தனியே வைத்துப் பேசுகின்றன. முன்னையதற்கு `return`, பின்னையதற்கு `resettlement`.

இந்த ஆய்வில் அந்த வேறுபாடுதான் உயிர். வேறிடத்தில் குடியேறியவருக்குப் பழைய கிணற்றில் முறை இல்லை. தன் காணிக்கே திரும்பியவருக்குத்தான் பழைய பங்கும் பழைய முறையும் பழைய பங்குகாரரோடு உள்ள கணக்கும் கூட வருகின்றன. தலைப்பில் `resettlement` என்று இருந்தால், புது ஊரில் புதுக் கிணறு வெட்டிக் கொடுத்த கதை என்று ஒருவர் நினைத்துக்கொள்வார். ஆகவே தலைப்பில் `returnee farmers`.

அதே நேரம், கொழும்பிலோ பேராதனையிலோ இருந்து இதே விடயத்தைத் தேடுகிற ஒருவர் அரசாங்கச் சொல்லைத்தான் தட்டச்சுச் செய்வார். அவரை இழக்க முடியாது. திறவுச்சொற்களுக்கு உண்மையான பயன் இப்படிப்பட்ட இடத்தில்தான் வருகிறது. தலைப்பில் துல்லியமான சொல். திறவுச்சொல்லில், துல்லியம் குறைந்தாலும் மற்றவர்கள் தேடுகிற சொல்.

இடப்பெயரில் அதிகம் தயங்கவில்லை. ஆய்வு நடந்தது வலிகாமம் வடக்கில். 'யாழ்ப்பாணம்' என்று போட்டால் நகரமா, மாவட்டமா, குடாநாடா என்று தெரியாது. ஆனால் வெளிநாட்டு வாசகருக்கு வலிகாமம் தெரியாது என்பதால் நாட்டின் பெயரைக் கூடவே வைத்தோம். வலிகாமம் வடக்கிலுள்ள தெல்லிப்பழையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். தேடுபொறி அவற்றை வேறு வேறு ஊர்களாகவே எண்ணும். பிரதேச செயலகம் பயன்படுத்தும் எழுத்துக்கூட்டலைச் சுருக்கத்தில் எடுத்து, மற்ற வடிவத்தைக் கட்டுரை உடலில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

`Traditional` என்ற சொல் தமிழ்த் தலைப்பில் இல்லவே இல்லை. ஆங்கிலத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "அப்படிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார், சேர்" என்றார். கைப்பேசியில் டொரொண்டோவுக்கு அழைத்து அனுமதி கேட்டு முறை மாற்றிக்கொள்கிற விவசாயிகளைப் பற்றிய ஆய்வுக்கு அந்தச் சொல் அநியாயம். 'தெரிவுசெய்யப்பட்ட கிராமங்களை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு' என்ற வாலையும் எடுத்தோம். எல்லாக் கள ஆய்வும் தெரிவுசெய்த இடத்தில்தான் நடக்கிறது. யாரும் அந்தச் சொற்களால் தேடுவதில்லை. அந்த வால் விட்டுச்சென்ற இடத்தில் ஆய்வின் உண்மையான மையத்தை, ஊரில் இல்லாத பங்குகாரரை, உட்காரவைத்தோம்:

```
Sharing irrigation turns at co-owned wells:
returnee farmers and absent co-owners in
Valikamam North, Sri Lanka
```

இதைத் தமிழ்த் தலைப்பே காட்டாமல் கோண்டாவிலில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். பாடசாலையில் புவியியல் கற்பிப்பவர். தமிழில் திருப்பித் தரச் சொன்னேன். அவர் எழுதி அனுப்பியது: 'கூட்டு உரிமையுள்ள கிணறுகளில் இறைப்பு முறையைப் பகிர்ந்துகொள்ளுதல்: வலிகாமம் வடக்கில் திரும்பிவந்த விவசாயிகளும் ஊரில் இல்லாத பங்குகாரரும்.' முறையும் பங்குகாரரும் தாமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய ஆங்கிலத் தலைப்பையும் அனுப்பியிருந்தேன். அதற்கு அவர் தந்தது: 'யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டக் கிணறுகளில் பாரம்பரிய நீர் விநியோக முறைகள்.' நீர் விநியோகம் என்று படித்ததும் மாணவி வாய்விட்டுச் சிரித்தார். நீர் வழங்கல் சபையின் கட்டணப் பட்டியல் நினைவுக்கு வந்ததாம்.

இனித் திறவுச்சொற்கள். ஆய்விதழ் ஐந்து சொற்களை அனுமதித்தது. அவர் எழுதியிருந்தவை நீர், கிணறு, விவசாயம், யாழ்ப்பாணம், மீள்குடியேற்றம் என்பவற்றின் நேர் ஆங்கிலம். முதல் மூன்றும் இலட்சக்கணக்கான கட்டுரைகளுக்குப் பொருந்தும். அந்தக் கூட்டத்தில் யாரும் இவரைக் கண்டெடுக்கப் போவதில்லை. ஸ்கோபஸில் வழக்கமான தேடல் இப்படி இருக்கும்:

```
TITLE-ABS-KEY("shared wells" AND "Sri Lanka")
```

தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் மூன்றையும் ஒரே குவியலாக அது தேடுகிறது. தலைப்பிலுள்ள சொல்லைத் திறவுச்சொல்லிலும் போட்டால் இந்தத் தேடலில் ஒன்றும் கூடாது. ஐந்து இடங்களில் ஒன்று வீணாகிறது, அவ்வளவுதான். ஆகவே தலைப்பில் இல்லாத, ஆனால் சரியான வாசகர் தேடக்கூடிய சொற்களை எடுத்தோம்:

```
shared wells
common-pool resources
internal displacement
resettlement
Jaffna Peninsula
```

இரண்டாவதைப் பற்றி எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. பங்குக் கிணறு தனியார் கூட்டுச் சொத்து. அதைப் பொதுவள ஆய்வுக்குள் சேர்க்கலாமா என்று அவர் தயங்கினார். கிணறு கட்டுமானம், அதன் உரிமை ஏழெட்டுப் பேருக்கு மட்டும். ஆனால் அடியிலுள்ள நிலத்தடி நீர் யாருடைய எல்லைக்குள்ளும் நிற்பதில்லை. ஒருவர் இறைக்க மற்றவருக்குக் குறையும். அந்தச் சொற்றொடர் வளத்தின் இயல்பைக் குறிக்கிறது, உரிமையின் வகையை அல்ல. அந்தத் துறையைக் கட்டியெழுப்பிய எலினோர் ஒஸ்ட்ரமின் கலாநிதிப் பட்ட ஆய்வே, 1965இல், கலிபோர்னியாவின் நிலத்தடி நீர் பற்றியதுதான். மாணவியின் கோட்பாட்டு அத்தியாயமும் ஒஸ்ட்ரமை வைத்தே எழுதப்பட்டிருந்தது. கட்டுரைக்குள் பேசப்படாத கோட்பாடாக இருந்திருந்தால் அந்தத் திறவுச்சொல்லை நான் அனுமதித்திருக்க மாட்டேன். வாசகரை அழைத்துவந்து ஏமாற்றுவதற்குத் திறவுச்சொல் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைச் சேர்க்க வேண்டும் என்று அவர் மிகவும் விரும்பினார். ஆய்வில் அது இரண்டு பக்கம்தான் வருகிறது. திறவுச்சொல்லாக வைத்தால் சட்ட மாணவர் வந்து ஏமாறுவார். சுருக்கத்தில் ஒரு வாக்கியத்துக்குள் அதைக் கொண்டுவந்தோம். பங்குக் கிணறு என்ற தமிழ்ச் சொல்லையும் ரோமன் எழுத்தில் `panku kinaru` என்று, பொருளுடன், அதே சுருக்கத்தில் ஒருமுறை வைத்தோம். தமிழ்ப் பெயரைத் தெரிந்து தேடுகிற ஒருவர் உலகத்தில் எங்கேயாவது இருப்பார்.

தமிழ்த் திறவுச்சொற்கள் இவற்றின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டியதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தமிழில் தேடுகிறவர் பங்குக் கிணறு, இறைப்பு முறை, தோட்டச் செய்கை என்றுதான் தேடுவார். அந்தப் பட்டியல் அவருக்காக.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஆய்வேட்டின் ஆங்கிலத் தலைப்பு பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதை மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது, பட்டச் சான்றிதழோடு சம்பந்தப்பட்டது. ஆய்விதழ்க் கட்டுரை வேறு ஆக்கம் என்பதால் அதற்குப் புதிய தலைப்பு வைப்பதில் தவறில்லை. அடிக்குறிப்பில் இன்ன ஆய்வேட்டிலிருந்து எழுதப்பட்டது என்று பதிவான தலைப்பை அப்படியே சொல்லிவிட வேண்டும். ஆய்வேட்டை நூலகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் ஏற்றும்போது `dc.title` என்ற இடத்தில் பதிவான தலைப்பும், `dc.title.alternative` என்ற இடத்தில் மற்ற மொழித் தலைப்பும் போகலாம். இப்போது எடுத்திருக்கும் கட்டுரைத் தலைப்பை இனி எங்கே குறிப்பிட்டாலும் ஓர் எழுத்தும் மாறாமல் குறிப்பிட வேண்டும். மாறினால் மேற்கோள் எண்ணிக்கை இரண்டாகப் பிரியும்.

ஆய்விதழின் இணையப் படிவத்தில் ஏற்றும்போது திறவுச்சொற்களை ஒரே வரியாக ஒட்டாமல் ஒவ்வொன்றாக உள்ளிடச் சொன்னேன். ஒட்டினால் ஐந்தும் சேர்ந்து ஒரே நீண்ட சொல்லாகப் பதிந்துவிடக்கூடும். கட்டுரை வெளியான பிறகு அதன் பக்கத்தைத் திறந்து பக்க மூலத்தில் `citation_title` என்று தேடிப் பாருங்கள். கூகுள் ஸ்கொலர் படிக்கும் தலைப்பு அங்கேதான் இருக்கிறது. தமிழ் மொழிக் கட்டுரையென்றால் அந்த இடத்தில் தமிழ்த் தலைப்பு மட்டும் இருந்து, ஆங்கிலத் தலைப்பு பீடிஎஃப் கோப்புக்குள் மட்டும் அடைபட்டிருப்பதும் உண்டு. அவருடைய கட்டுரை வெளியானபோது இரண்டும் சரியாக இருந்தன, ஆனால் வலிகாமத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பதிப்பாசிரியருக்கு எழுதினோம்; அடுத்த நாளே திருத்தித் தந்தார்.